பழுப்பு நிறம் எங்கிருந்து வந்தது?

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் என் அத்தை வசிக்கிறார். போன மாதம் அவர் வீட்டுக்கு நீர்ச் சுத்திகரிப்புக் கருவி விற்கும் இளைஞர் ஒருவர் வந்தார். அப்போது நானும் அங்கே இருந்தேன். அவர் மேசைமீது இரண்டு கண்ணாடிக் குவளைகளை வைத்தார். ஒன்றில் அத்தை வீட்டுக் குழாய் நீர். மற்றதில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. நீர். இரண்டும் பார்ப்பதற்குத் தெளிவாகவே இருந்தன. பிறகு உலோகக் கம்பிகள் பொருத்திய ஒரு சின்னக் கருவியை இரண்டு குவளைகளிலும் இறக்கி, மின்சாரத்தைப் போட்டார்.

ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். குழாய் நீர் மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் சாக்கடை போலக் கலங்கிவிட்டது. ஆர்.ஓ. நீர் அப்படியே தெளிவாக நின்றது. "பாருங்க ஆன்ட்டி, இவ்வளவு நாளா இதைத்தான் குடிச்சிருக்கீங்க" என்றார் அவர். அத்தையின் முகம் மாறிவிட்டது. மாதத் தவணைப் படிவத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

இந்தக் காட்சி உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம், இனி நடக்கவும் கூடும். அப்போது வீட்டில் அறிவியல் படிக்கிறவர் நீங்கள்தான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வியும் உங்களுடையது. அந்தப் பழுப்பு நிறம் எங்கிருந்து வந்தது?

கம்பி கரைந்த கதை

படிவம் 5 வேதியியலில் மின்பகுப்பு என்றொரு பாடம் உண்டு. அந்த மேசையில் நடந்தது அதுதான். கருவியின் கம்பிகளில் ஒன்று இரும்பு. மின்சாரம் பாயும்போது நேர்முனையில் இருக்கும் இரும்பு கொஞ்சம் கொஞ்சமாக அயனிகளாகி நீரில் இறங்குகிறது. எதிர்முனையில் நீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயுவும் ஹைட்ராக்சைடு அயனிகளும் உண்டாகின்றன. இரும்பும் ஹைட்ராக்சைடும் சேர்ந்து, நீரில் உள்ள ஆக்சிஜனோடும் வினைபுரிந்து, துரு நிறத்தில் வண்டலாகத் திரள்கின்றன. அத்தை பார்த்த அழுக்கு அந்தக் கம்பியிலிருந்து வந்தது. மின்சாரம் போடும்முன் அது நீரில் இல்லை.

அப்படியானால் ஆர்.ஓ. நீரில் ஏன் ஒன்றும் வரவில்லை? நீரில் கரைந்த உப்புகள் இருந்தால்தான் மின்சாரம் நன்றாகப் பாயும். ஆர்.ஓ. கருவி உப்புகளைப் பெரும்பாலும் நீக்கிவிடுகிறது. மின்சாரம் பாயாததால் கம்பி கரையவில்லை. கம்பி கரையாததால் நிறமும் வரவில்லை. அவருடைய சுத்தமான நீரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி மின்சாரம் கொடுத்திருந்தால், அதுவும் பழுப்பாகியிருக்கும். உப்பு அழுக்கா என்ன?

இதைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் முன்னிலையில் நீங்களே சோதிக்கலாம். ஒரு குவளைக் குழாய் நீரில் இரண்டு இரும்பு ஆணிகளை ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தி, 9 வோல்ட் பேட்டரியோடு இணையுங்கள். அருகில் அதே குழாய் நீர் உள்ள இன்னொரு குவளையில், ஆணிக்குப் பதில் இரண்டு கரித்தண்டுகளை வையுங்கள். விற்பனையாளரின் கருவி வீட்டு மின்சாரத்தில் இயங்குகிறது, பேட்டரியின் மின்சாரம் அதைவிட மிகக் குறைவு. எனவே அரை மணி நேரமாவது பொறுத்திருக்க வேண்டும். ஆணி வைத்த குவளையில் மெல்ல மெல்ல மஞ்சள் படரும். கரித்தண்டுக் குவளையில் துரு நிறம் வராது. நீர் ஒன்றுதான், கம்பி மட்டுமே வேறு. வீட்டு மின்சாரத்தைக் கொண்டு இதைச் செய்து பார்க்கவே கூடாது, அது உயிருக்கு ஆபத்து.

அளவி எதை அளக்கிறது?

அந்த இளைஞரிடம் இன்னொரு கருவியும் இருந்தது. பேனா போன்ற டி.டி.எஸ். அளவி. நீரில் கரைந்திருக்கும் திடப்பொருள்களின் மொத்த அளவைக் காட்டும் கருவி இது. குழாய் நீரில் 60 என்றது, ஆர்.ஓ. நீரில் 5 என்றது. "அறுபதுக்கும் அஞ்சுக்கும் எவ்வளவு வித்தியாசம்!" என்றார்.

இந்த அளவியும் நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்றுதான் பார்க்கிறது. அதை ஒரு கணக்கின் வழியே லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று மாற்றிக் காட்டுகிறது. எந்த உப்பு, நல்லதா கெட்டதா என்று அதற்குத் தெரியாது. இளநீரில் வைத்துப் பாருங்கள், எண் ஆயிரங்களில் நிற்கும். அதற்காக இளநீரை யாரும் கொட்டுவதில்லை. ஆர்.ஓ. நீரில் ஒரு துளி சாக்கடை நீரைக் கலந்துவிட்டு வைத்துப் பாருங்கள். எண் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் நோய்க்கிருமிகள் அந்த ஒரு துளியில் நிறைந்திருக்கலாம். கிருமியை இந்த அளவி காண்பதில்லை.

மலேசியக் குடிநீர்த் தரநிலை, கரைந்த திடப்பொருள்களுக்கு லிட்டருக்கு 1000 மில்லிகிராம் வரை இடம் தருகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய் நீர் பெரும்பாலும் ஆற்று நீர். மழையால் நிரம்பும் ஆறுகளில் உப்பு குறைவு. இதற்குச் சாட்சி உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. வீட்டில் உள்ள கெத்தலின் உட்புறத்தைப் பாருங்கள். கடின நீர் காய்ச்சும் ஊர்களில் படிவது போல வெள்ளைச் சுண்ணாம்புப் படலம் தடிமனாகப் படிந்திருக்காது.

தமிழ்நாட்டின் தர்மபுரி மாவட்டத்தில் நிலைமை வேறு. அங்கே பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அதை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களின் பற்களில் கறை விழுந்தது, எலும்பும் பாதிக்கப்பட்டது. ஃபுளோரைடு கரைந்த பொருள் என்பதால் கொதிக்க வைத்தாலும் போகாது. அங்கே ஆர்.ஓ. வேண்டியதுதான். அதே இந்தியாவில், கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவிகளைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட்டது. கருவி நீரை வீணாக்குகிறது என்பதே காரணம். அத்தை வீட்டில் காட்டிய எண் 60.

கொதிநீர் செய்வது, செய்யாதது

நீரில் நமக்கு வேண்டாதவை மூன்று வகை. முதலாவது உயிருள்ளவை, அதாவது கிருமிகள். இரண்டாவது மிதப்பவை, அதாவது துரு, மண், வண்டல். மூன்றாவது கரைந்தவை. எந்தக் கருவியைப் பற்றிப் பேசினாலும், இந்த மூன்றில் எதை நீக்குகிறது என்று முதலில் கேளுங்கள்.

கொதிக்க வைப்பது முதல் வகைக்கு. வயிற்றுப்போக்கு தரும் பாக்டீரியா, மஞ்சள் காமாலை தரும் வைரஸ், குளோரினுக்கு எளிதில் அடங்காத ஒட்டுண்ணிகள் எல்லாம் கொதிநீரில் செயலிழக்கின்றன. உண்மையில் இவற்றில் பெரும்பாலானவை 70 பாகை செல்சியஸைத் தாண்டினாலே சிறிது நேரத்தில் அழியத் தொடங்கிவிடும். பிறகு ஏன் கொதி வரும்வரை காத்திருக்கிறோம்? 70 பாகையைக் கண்ணால் பார்க்க முடியாது. கொப்புளம் பொங்குவதைப் பார்க்க முடியும். வெப்பமானி இல்லாத வீட்டுக்கு அந்தக் கொப்புளம்தான் வெப்பமானி. நன்றாகக் கொதித்தபின் ஒரு நிமிடம் விட்டால் போதும். பத்து நிமிடம் கொதிக்க வைப்பதால் எரிவாயுதான் வீணாகும்.

செலவையும் பார்ப்போம். ஒரு லிட்டர் நீரை 28 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர 72 பாகை ஏற்ற வேண்டும். ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை ஏற்ற 4.2 கிலோஜூல் தேவை. 72-ஐ 4.2-ஆல் பெருக்கினால் சுமார் 302 கிலோஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3600 கிலோஜூல். கெத்தலில் கொஞ்சம் வெப்பம் வீணாவதையும் சேர்த்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 0.1 யூனிட். பத்து லிட்டர் காய்ச்சினால் ஒரு யூனிட் ஆகும், அவ்வளவுதான்.

கொதிக்க வைப்பதால் துரு போகாது, கரைந்த உப்பும் போகாது. நீர் ஆவியாவதால் மிஞ்சிய நீரில் உப்பின் அளவு சிறிது கூடவே செய்யும். இன்னொன்றும் உண்டு. குழாய் நீரில் காவலுக்கு இருந்த குளோரின் கொதிக்கும்போது வெளியேறிவிடுகிறது. ஆகவே காய்ச்சி ஆறிய நீருக்குப் பாதுகாப்பு இல்லை. அதற்குள் குவளையோடு கையையும் விட்டு மொண்டால் கிருமி மறுபடி குடியேறும். மூடியும் குழாயும் உள்ள பாத்திரத்தில் ஊற்றி வைப்பதுதான் காய்ச்சியதன் பயனைக் காக்கும்.

மெழுகுவத்தி வடிகட்டியும் ஒரு கண்டுபிடிப்பும்

மெழுகுவத்தி வடிவில் இருக்கும் பீங்கான் வடிகட்டியை உங்கள் பாட்டி வீட்டில் பார்த்திருப்பீர்கள். பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. நல்ல வடிகட்டியில் துளை ஒரு மைக்ரோனுக்கும் குறைவு. தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோன் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். துருவும் வண்டலும் இதில் நின்றுவிடும். ஏறக்குறைய ஒரு மைக்ரோன் அளவுள்ள பாக்டீரியாக்களும் பெரும்பாலும் நின்றுவிடும்.

வைரஸ் நிற்குமா? இதற்கு விடை தந்தது ஒரு புகையிலைச் செடி. பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த சார்ல்ஸ் சேம்பர்லாண்ட் 1884-இல் பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் பீங்கான் வடிகட்டி ஒன்றை உருவாக்கினார். 1892-இல் ரஷ்ய அறிவியலாளர் திமித்ரி இவனோவ்ஸ்கி, நோயுற்ற புகையிலை இலையின் சாற்றை அந்த வடிகட்டியில் ஊற்றினார். பாக்டீரியா எல்லாம் நின்றிருக்க வேண்டும். ஆனால் வடிந்த சாற்றை நல்ல செடியில் தேய்த்தால் அதற்கும் நோய் வந்தது. பாக்டீரியாவைவிட மிகச் சிறிய ஏதோ ஒன்று துளைகளின் வழியே போயிருக்கிறது. அதைத்தான் இன்று வைரஸ் என்கிறோம். பீங்கான் வடிகட்டியால் பிடிக்க முடியாதது எது என்பதிலிருந்துதான் வைரஸ் என்ற எண்ணமே பிறந்தது. உதாரணமாக, ஹெபடைடிஸ் ஏ வைரஸ் சுமார் 0.03 மைக்ரோன்தான். எனவே பீங்கான் வடிகட்டியில் வடிந்த நீரையும் காய்ச்சிக் குடிப்பது நல்லது.

இந்த வடிகட்டிக்கு இன்னொரு பலவீனம் உண்டு. பீங்கானில் தலைமுடி அளவு கீறல் விழுந்தாலும் நீர் துளைகளை விட்டுவிட்டுக் கீறல் வழியே ஓடும். வழக்கமாக மெதுவாகச் சொட்டும் வடிகட்டி திடீரென்று வேகமாக வடிந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள், சந்தேகப்படுங்கள். வடிகட்டியைக் கழற்றி நன்றாக நனைத்து, அடியில் உள்ள குழலில் காற்றை ஊதியபடி நீருக்குள் அமிழ்த்துங்கள். ஓர் இடத்தில் மட்டும் கொப்புளம் தாரையாக வந்தால் அங்கே கீறல் இருக்கிறது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஆர்.ஓ. தருவதும் எடுப்பதும்

ஆர்.ஓ. கருவிக்கு உரிய மதிப்பையும் கொடுத்துவிடுகிறேன். அழுத்தத்தோடு நீரை மிக நுண்ணிய சவ்வின் வழியே தள்ளும் முறை இது. உயிருள்ளவை, மிதப்பவை, கரைந்த உப்புகள் மூன்றையும் இது பெரும்பாலும் நிறுத்துகிறது. உவர்நீரும் கன உலோகமும் ஃபுளோரைடு மிகுதியும் உள்ள ஊர்களுக்கு இதைவிட நல்ல வீட்டுக் கருவி இல்லை.

ஆனால் நிறுத்தியவற்றைக் கழுவி வெளியேற்ற வேறு நீர் வேண்டும். வீட்டுக் கருவிகள் பலவற்றில் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு மூன்று லிட்டர் வரை வடிகாலுக்குப் போகிறது. நாளுக்கு எட்டு லிட்டர் குடிக்கும் குடும்பத்தில் இது 24 லிட்டர், மாதத்துக்கு 720 லிட்டர். உங்கள் வீட்டில் இந்தக் கருவி இருந்தால் கழிவுக் குழாயின் கீழே ஒரு வாளியை வைத்து நீங்களே அளந்து பாருங்கள். சவ்வைக் குளோரின் அரித்துவிடும் என்பதால், நீர் சவ்வை அடையும் முன்பே ஒரு கரி வடிகட்டி குளோரினை நீக்கிவிடும். எனவே கருவியின் தொட்டியில் தேங்கும் நீருக்கும், காய்ச்சிய நீரைப் போலவே, காவல் இல்லை. வடிகட்டிகளைக் காலத்தில் மாற்றாத வீட்டில் அந்தத் தொட்டியிலேயே கிருமி வளரலாம்.

குழாய் வறண்ட நாள்

இந்த இடத்தில் நீங்கள் என்னை மடக்கலாம். "ஆற்றில் இரசாயனம் கலந்தால்? அதுவும் கரைந்த பொருள்தானே? அப்போது ஆர்.ஓ. வேண்டாமா?"

நல்ல கேள்விதான். 2020 செப்டம்பர் 3-ஆம் தேதியை உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். ரவாங் அருகே சுங்கை கோங் ஆற்றில் கலந்த கழிவால் நீரில் கரைப்பான் வாடை அடித்தது. அந்த நீர் சிலாங்கூர் ஆற்றை அடைய, நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. கோலாலம்பூர், பெட்டாலிங், கிள்ளான், கோம்பாக் எனப் பள்ளத்தாக்கு முழுவதும் பத்து லட்சத்துக்கும் அதிகமான கணக்குதாரர்களுக்கு நீர் நின்றது.

ஏன் நிறுத்தினார்கள்? சுத்திகரிப்பு நிலையத்தின் வழக்கமான வேலையைப் பாருங்கள். படிகாரம் போட்டு வண்டலைத் திரளச் செய்து அடியில் படிய விடுகிறார்கள். மணலில் வடிகட்டுகிறார்கள். குளோரின் சேர்த்துக் கிருமியைக் கொல்லுகிறார்கள். மிதப்பவைக்கும் உயிருள்ளவைக்கும் வழி இருக்கிறது. கரைந்த கரைப்பானுக்கு இந்த வரிசையில் இடமில்லை. அதனால் கதவை மூடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

அன்று வீடுகளில் இருந்த ஆர்.ஓ. கருவிகள் என்ன செய்தன? ஒன்றும் செய்யவில்லை. குழாயில் நீரும் இல்லை, சவ்வில் தள்ள அழுத்தமும் இல்லை. மக்கள் வாளிகளோடு தண்ணீர் லோரிக்கு வரிசையில் நின்றார்கள். லோரியிலிருந்து வாளிக்கும், வாளியிலிருந்து அண்டாவுக்கும் மாறி மாறி வந்த நீருக்கு அன்று தேவைப்பட்டது பழைய கெத்தல்தான். வாளியும் கையும் கொண்டுவரும் ஆபத்து கிருமியே.

நீர் வந்தபின் வாடை மிச்சமிருந்தால் என்ன செய்வது? அதைக் காய்ச்சிச் சரிசெய்ய முயலக் கூடாது, கரைப்பான் ஆவி சமையலறையில்தான் பரவும். கரி வடிகட்டி கொஞ்சம் பிடிக்கும். ஆனால் எப்போது நிரம்பிவிட்டது என்று அது சொல்லாது. அத்தகைய நீரைக் குடிக்காமல் நீர் நிறுவனத்திடம் புகார் செய்வதே சரி. கரைந்த நஞ்சைத் தடுக்க வேண்டிய இடம் ஆற்றங்கரை. அதை ஒவ்வொரு சமையலறையின் பொறுப்பாக மாற்றினால், மாதத் தவணை கட்ட முடிந்தவர் மட்டும் தப்புவார். ஆற்றில் கழிவைக் கொட்டியவரை யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆகவே என் கருத்து இதுதான். கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாய் நீர் வரும் வீட்டுக்குக் காய்ச்சிய நீர் போதும். பழைய இரும்புக் குழாய்கள் உள்ள கட்டடத்தில், நீர் நின்று மறுபடி வரும்போது துரு கலந்து வரும். அங்கே முதலில் பீங்கானில் வடிகட்டி, பிறகு காய்ச்சுங்கள். கிணற்று நீரோ ஆழ்துளை நீரோ குடிக்கிறீர்கள் என்றால் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துச் சோதியுங்கள். முடிவில் கரைந்த நஞ்சு தெரிந்தால் ஆர்.ஓ. வாங்குங்கள். பழுப்பாகிப்போன ஒரு குவளையைப் பார்த்துப் பயந்து மட்டும் வாங்காதீர்கள்.

அன்று நான் சமையலறைக்குப் போய் உப்பு ஜாடியை எடுத்து வந்தேன். "தம்பி, உங்க தண்ணியில ஒரு சிட்டிகை போட்டுட்டு இன்னொரு தடவை காட்டுறீங்களா?" என்று கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த வீட்டில் ஒரு சந்திப்பு இருக்கிறது என்றார். அத்தை படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தேநீருக்குக் கெத்தலில் தண்ணீர் வைத்தார்.